முப்பது சதவீதம் செலவு, பச்சை விளக்கு, ஆனா வேலை கைமீறிப் போச்சு: பன்னிரண்டு கண்மாய்களின் மணிக்கணக்கு

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. "கன்சல்டிங் கம்பெனியில சேர்ந்திருக்கேன், தினமும் டைம்ஷீட் எழுதச் சொல்றாங்க. ஃபீஸ் மொத்தமாப் பேசி முடிச்ச வேலைக்கு நான் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன்னு எதுக்கு எழுதணும்?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்வி. இன்னைக்கு முழுக்க இதுக்குத்தான் பதில்.

எங்க ஊர்ப் பக்கம் கிணறு வெட்ட ஆள் கூப்பிட்டா முதல்ல பேசுறது ஒரே விஷயம்தான்: நாள்கூலியா, காண்ட்ராக்டா? நாள்கூலின்னா பாறை வந்தா தோட்டக்காரருக்குச் செலவு. காண்ட்ராக்டுன்னா பாறை வந்தா வெட்டுறவருக்குச் செலவு. கன்சல்டிங்லயும் இந்த ரெண்டுதான். உலக வங்கிப் பணத்துல நடக்கிற வேலைகளோட ஒப்பந்த மாதிரிகளைப் பார்த்தீங்கன்னா அதுலயும் மொத்தத் தொகை ஒப்பந்தம், நேர அடிப்படை ஒப்பந்தம்னு ரெண்டு வகை இருக்கும். சின்ன கம்பெனிகளுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் மொத்தத் தொகைதான். சிக்கலும் இங்கதான் ஆரம்பிக்குது. வெளியில நாம காண்ட்ராக்ட், உள்ளே நம்ம ஆட்களுக்குக் கொடுக்கிறது மாசச் சம்பளம். அதாவது வெளியே காண்ட்ராக்ட், உள்ளே நாள்கூலி. பாறை வந்தா ரெண்டுக்கும் நடுவுல நசுங்குறது கம்பெனி. அந்தப் பாறை எந்த வாரம் வந்ததுன்னு சொல்றதுக்குத்தான் டைம்ஷீட்.

மணிக்கணக்கு எழுதுற பழக்கம் முதல்ல வக்கீல்கள்கிட்ட வந்தது. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித்னு ஒரு வக்கீல். 1919-க்கு அப்புறம் ஹேல் அண்ட் டார்ங்கிற சட்ட நிறுவனத்தை நடத்தினவர். வக்கீல்கள் தங்களோட நேரத்தை ஆறு ஆறு நிமிஷமா, அதாவது மணியில பத்தில் ஒரு பங்கா எழுதி வைக்கிற முறையைக் கொண்டு வந்தவர்னு அவரைத்தான் சொல்வாங்க. கட்சிக்காரருக்கு மணிக்கணக்குல பில் போடுற வழக்கம் பிற்பாடு பரவினது. அவருக்கு முதல்ல வேண்டியிருந்தது, எந்த வேலைக்கு உண்மையில எவ்வளவு செலவாகுதுன்னு ஆபீஸுக்குள்ள தெரியணும்ங்கிறது. நாம பேசப்போறதும் அந்த உள்கணக்குதான்.

இப்ப கதைக்கு வரேன். மதுரையில ஒரு சின்ன பொறியியல் ஆலோசனை நிறுவனம். ரெண்டு பார்ட்னர், ஏழு ஊழியர். அங்க வாராவாரம் இந்த மணிக்கணக்கு ஷீட்டைத் தயார் பண்ணி பார்ட்னர்களுக்கு அனுப்புறது என் வேலையா இருந்துச்சு. பேர் சொல்லப்போறதில்ல. எண்களைக் கேட்கிறவங்களுக்கு வசதியா உருட்டியிருக்கேன், விகிதம் மாறாது.

வேலை என்னன்னா, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல இருக்கிற பன்னிரண்டு கண்மாய்களுக்கு விரிவான திட்ட அறிக்கை. அந்தப் பக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: குண்டாறு எப்பவாவதுதான் ஓடும், வடகிழக்குப் பருவமழையில வர்ற தண்ணியைக் கண்மாய் கண்மாயாப் பிடிச்சு வச்சுத்தான் விவசாயம். 2018-ல நிதி ஆயோக் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்'னு பட்டியல் போட்டப்ப விருதுநகர் மாவட்டமும் அதுல வந்துச்சு. இந்த வேலைக்கான பணம் ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் பணம், ஒரு அறக்கட்டளை வழியா வந்தது.

ஃபீஸ் 9 லட்சம். மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 1,62,000. இதை முதல்லயே மனசுல இருந்து எடுத்துடணும். பேங்க்ல 10,62,000 வந்தாலும் 9 லட்சம்தான் நம்மது. நிறைய புது ஆட்கள் பட்ஜெட்டை ஜிஎஸ்டி சேர்த்த தொகையில போட்டுடுவாங்க. வண்டி, அளவைக் கருவி வாடகை, லாட்ஜ், பிரிண்ட் எல்லாத்துக்கும் 1,50,000 ஒதுக்கியாச்சு. மிச்சம் 7,50,000. இதுதான் ஆட்களோட நேரத்துக்கான பட்ஜெட்.

இந்த ரூபாயை மணியா மாத்தணும்னா ஒரு மணி நேரத்தோட விலை தெரியணும். ஒரு களப் பொறியாளரை எடுத்துக்கோங்க. சம்பளம், பிஎஃப், போனஸ் எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு மாசம் 36,000 செலவு. மாசத்துல 22 நாள், நாளுக்கு 8 மணின்னா 176 மணி. ஆனா அதுல லீவு, பண்டிகை, டெண்டர் எழுத உதவுறது, புது சாஃப்ட்வேர் கத்துக்கிறது எல்லாம் போக, ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு எழுத முடியறது சுமார் 120 மணி. 36,000-ஐ 120-ஆல வகுத்தா 300 ரூபாய். ஆபீஸ் வாடகை, சாஃப்ட்வேர் சந்தா, கணக்குப் பிள்ளை, கிடைக்காமப் போன டெண்டர்களுக்கான உழைப்பு, இதையெல்லாம் பங்கு போட்டா இன்னொரு 300. ஆக அடக்கம் 600. பில்லில் 20 சதவீதம் லாபம் நிக்கணும்னா விலை 750. இதே மாதிரி சீனியர் பொறியாளருக்கு 1,200, பார்ட்னருக்கு 2,000, வரைபடம் போடுறவருக்கு 500.

176-ஆல வகுக்காம 120-ஆல வகுத்ததை கவனிச்சீங்களா? இங்க 176 போட்டுட்டா மணி விலை மூணில் ஒரு பங்கு குறைஞ்சுடும். வாராவாரம் ஷீட் பச்சையா இருக்கும், வருஷக் கடைசியில ஆடிட்டர் நஷ்டம்னு சொல்வார். அந்த நஷ்டம் எந்த வேலையிலயும் தெரியாது.

பன்னிரண்டு வாரத் திட்டம். முதல் வாரம் வரைபடம், பழைய ஆவணம் சேகரிக்கிறது. அப்புறம் கள அளவை. அதுக்கப்புறம் வடிவமைப்பு, மதிப்பீடு, அறிக்கை. கள அளவைக்கு மட்டும் ஒரு கண்மாய்க்குக் களப் பொறியாளர் நேரம் 20 மணி, சீனியர் நேரம் 4 மணி. ரூபாயில 15,000-மும் 4,800-மும், ஆக 19,800. பன்னிரண்டு கண்மாய்க்கு 2,37,600.

நாலாவது வாரக் கடைசி. ஷீட்டைத் திறந்தா மொத்தச் செலவு 2,25,000. பட்ஜெட்டுல சரியா 30 சதவீதம். பன்னிரண்டு வாரத்துல நாலு வாரம் போயிருக்கு, அதாவது 33 சதவீதம். நேரம் 33, செலவு 30. எந்த பார்ட்னரும் இதைப் பார்த்துட்டு "நல்லாத்தானே போகுது"ம்பார்.

ஆனா அந்த 2,25,000-ல முதல் வாரத்து வேலைக்கு 50,000 போக, கள அளவைக்கு 1,75,000. முடிஞ்ச கண்மாய் எத்தனை? அஞ்சு. அப்போ ஒரு கண்மாய்க்கு 35,000. திட்டம் 19,800. மிச்சம் ஏழு கண்மாயும் இதே கணக்குல போனா இன்னும் 2,45,000. கள அளவை மொத்தம் 4,20,000. திட்டத்தைவிட 1,82,400 அதிகம். இது மொத்த பட்ஜெட்டுல 24 சதவீதத்துக்கு மேல.

லாபத்துக்கு என்ன ஆகுது பாருங்க. மத்த எல்லா வேலையும் திட்டப்படியே நடந்தாக்கூட, பில் விலையில மொத்தம் 9,32,400 ரூபாய் உழைப்பு போகும். அதுல அடக்கம் 80 சதவீதம், 7,45,920. நமக்கு வர்றது 7,50,000. ஒன்றரை லட்சம் நிக்கவேண்டிய இடத்துல நிக்கிறது 4,080 ரூபாய். ரெண்டு பேர் ஒரு நாள் மதுரைக்கும் சென்னைக்கும் போய் வந்தா தீர்ந்துடும்.

அதனால வாராந்திர ஷீட்டுல நான் முக்கியமாப் பார்க்கிறது இதுவரை எவ்வளவு செலவாச்சுங்கிறதை இல்ல. "முடிக்க இன்னும் எவ்வளவு வேணும்"ங்கிற கட்டத்தைத்தான். செலவானது பிளஸ் இன்னும் வேண்டியது, இது பட்ஜெட்டைவிட 5 சதவீதம் தாண்டினா மஞ்சள், 15 தாண்டினா சிவப்பு. எக்ஸெல்ல ஒரே வரி. D பட்ஜெட், E இதுவரை செலவு, F இன்னும் வேண்டியது:

```
=IF(E2+F2>D2*1.15,"சிவப்பு",IF(E2+F2>D2*1.05,"மஞ்சள்","பச்சை"))
```

சூத்திரம் சுலபம். F கட்டத்துல உண்மையான எண்ணை வாங்குறதுதான் பாடு. "எத்தனை சதவீதம் முடிஞ்சுதுப்பா?"ன்னு கேட்டா எல்லாரும் 80-ம்பாங்க. மூணு வாரம் கழிச்சுக் கேட்டாலும் 90-தான். பொய் சொல்றாங்கன்னு இல்ல, சதவீதம்ங்கிறது யாருக்கும் கண்ணுல படுற பொருள் இல்ல. அதனால எண்ணக்கூடியதை எண்ணணும். எங்க விதி: கரை, மடை, கலுங்கு, உள்படுகை, வரத்துக்கால் இவ்வளவும் அளந்து, அளவைக் கோப்பு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்து, ஆரம்பிச்ச புள்ளியில திரும்ப மட்டம் எடுத்து வித்தியாசம் சரியா இருக்குன்னு சீனியர் கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு கண்மாய் முடிஞ்சது. பாதி அளந்தது பூஜ்யம். கொஞ்சம் கறாரான விதிதான், ஆனா சண்டை வராது. வடிவமைப்புக் கட்டத்துல இது இவ்வளவு சுத்தமா வேலை செய்யாது. அங்க, வேலை பார்க்கிறவர்கிட்டயே "இனிமே எத்தனை மணி?"ன்னு மணியில கேட்கிறதுதான் வழி. போன வாரம் 30 மணின்னு சொன்னவர், 20 மணி வேலை பார்த்துட்டு இந்த வாரமும் 30-ன்னு சொன்னா, அதுவே ஒரு கொடி.

சரி, ரெண்டாவது வாரமே இது தெரிஞ்சிருக்கணுமேன்னு கேட்பீங்க. தெரிஞ்சது, ஆனா மங்கலா. ரெண்டாவது வாரக் கடைசியில முடிஞ்சது ரெண்டு கண்மாய். டைம்ஷீட்படி கண்மாய்க்கு 26,000. அந்தக் கணக்குல மொத்தமா 74,400 கூடும், பத்து சதவீதத்துக்குப் பக்கம். மஞ்சள் கொடி போட்டேன். பார்ட்னர்கள், "முதல் ரெண்டு கண்மாய்தானே, பையங்க இடம் பழகுறாங்க, பார்ப்போம்"னாங்க. ரெண்டு கண்மாயை வச்சு முடிவெடுக்க வேண்டாம்ங்கிறது நியாயமான யோசனைதான்.

ஆனா அந்த 26,000-மே உண்மை இல்ல. களத்துல இருந்த ரெண்டு பேர்ல ஒரு தம்பி, சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அவரோட டைம்ஷீட்டுல திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8, வியாழன் 8, வெள்ளி 8. வெயில்ல கண்மாய்க்குள்ள வேலை பார்க்கிற எவருக்கும் அஞ்சு நாளும் சரியா எட்டு வராது. 7.5 வரும், 10 வரும், கருவி மக்கர் பண்ணின நாள்ல 5 வரும். வண்டியோட டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அருப்புக்கோட்டை லாட்ஜுல இருந்து காலை ஆறே காலுக்குக் கிளம்பியிருக்கு, சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குத் திரும்பியிருக்கு. டோட்டல் ஸ்டேஷன் கருவியோட கோப்புல ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிவாகும். முதல் புள்ளி ஏழு மணிக்கு, கடைசிப் புள்ளி அஞ்சு மணிக்கு. சாப்பாட்டு நேரம் கழிச்சாலும் எட்டு வராது.

போன் பண்ணினேன். "என்ன தம்பி, மூணு மணி நேரம் எங்க போச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அண்ணே, பட்ஜெட் இருபது மணிதான்னு ஷீட்டுல பார்த்தேன். நான் மெதுவா வேலை பாக்குறேன்னு நினைச்சுருவாங்களோன்னு..."

இது ஒரு ஆளோட பிரச்சினை இல்ல. மணிக்கணக்கு ஷீட் இருக்கிற எல்லா ஆபீஸ்லயும் நடக்கும். நேரத்தை முழுங்குறதுன்னு சொல்லலாம். அந்தத் தம்பி தன் சொந்த சாயங்காலத்தைக் கம்பெனிக்கு இலவசமாக் கொடுத்தார், கம்பெனிக்கு அதனால நஷ்டம்தான் வந்துச்சு. ஏன்னா மறைஞ்ச அந்த மணிகள்தான் சிவப்பை மஞ்சளாக் காட்டினது. அதோட அடுத்த கண்மாய் வேலைக்கு விலை சொல்லும்போதும் அந்தப் பொய்க்கணக்குதான் அடிப்படையா வரும். அன்னைக்கு பார்ட்னர்கள் ஒரு விஷயத்தை எல்லாருக்கும் எழுத்துல கொடுத்தாங்க: டைம்ஷீட்டை வச்சு இன்கிரிமென்ட் பேச்சு கிடையாது, அதிக நேரம் எழுதினா காரணம் கேட்போம், குறை சொல்ல மாட்டோம். எட்டு மணிக்கு மேல போன நேரத்துக்கு ஈடா லீவு. அதுக்கப்புறம்தான் பழைய ரெண்டு வாரத்து எண்களும் திருத்தி வந்தது. கண்மாய்க்கு 35,000-ங்கிற உண்மை வெளிய வந்தது.

அடுத்து, காரணம். இதுக்குத்தான் டைம்ஷீட்டுல வெறுமனே 'கள வேலை'ன்னு எழுதாம மூணு நாலு தலைப்பாப் பிரிக்கிறது. பத்து தலைப்பு வச்சீங்கன்னா யாரும் ஒழுங்கா எழுத மாட்டாங்க, ஒரே தலைப்பு வச்சா ஒண்ணும் தெரியாது. எங்க திட்டத்துல கண்மாய்க்கு 20 களமணி. கரை, மடை, கலுங்கு, உள்படுகைக்கு 14. வரத்துக்காலுக்கு 6. நடந்தது 36. அதுல கரை, மடை வகையறா அதே 14-தான், திட்டம் போட்ட மாதிரியே. லாட்ஜுக்கும் கண்மாய்க்கும் போக வர 5 மணி, இதுக்குத் திட்டத்துல இடமே ஒதுக்கல. வரத்துக்காலுக்கு 17.

ஆக ஆட்கள் மெதுவா இல்ல. வரத்துக்கால்தான் நீளம். கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற அந்தக் கால்வாய் சராசரியா 2 கிலோமீட்டர்னு வச்சு விலை சொல்லியிருந்தது. போய்ப் பார்த்தா பல கண்மாய்க்கு 4, 5 கிலோமீட்டர். அடுத்த ஊர் எல்லைக்குள்ள போகுது. பாதி தூரம் சீமைக்கருவேலம் அடைச்சுக் கிடக்கு. கருவியில இருந்து பிரிசத்தைப் பார்க்கணும்னா நடுவுல மறைப்பு இருக்கக் கூடாது, அதனால ரெண்டு ஆள் அரிவாளோட முன்னாடி போய் வழி வெட்டணும். டிரோன் விடலாமேன்னு ஒரு பார்ட்னர் கேட்டார். டிரோன் படத்துல கருவேல மரத்தோட உச்சிதான் தெரியும், அடியில இருக்கிற தரைமட்டம் தெரியாது.

வேலையைத் தள்ளிப் போடவும் முடியாது. ஐப்பசி மழை பிடிச்சு கண்மாய்க்குள்ள தண்ணி ஏறிட்டா உள்படுகை மட்டம் எடுக்கிறது அடுத்த கோடைக்குத்தான்.

திங்கள்கிழமை காலை பார்ட்னர்களுக்கு நான் அனுப்பின செய்தி இது. முழு ஷீட்டை அனுப்புறதில்ல, அனுப்பினா படிக்க மாட்டாங்க. சிவப்பும் மஞ்சளும் மட்டும், போன் திரையில உருட்டாமப் படிக்கிற அளவுக்கு:

"கண்மாய் வேலை: சிவப்பு. செலவு 2.25 லட்சம், முடிக்க வேண்டியது 7.07 லட்சம், பட்ஜெட் 7.5 லட்சம். காரணம்: வரத்துக்கால் 2 கி.மீ.னு விலை சொன்னோம், 4-5 கி.மீ. இருக்கு. முடிஞ்சது 5, மிச்சம் 7. இந்த வாரம் முடிவெடுக்கலைன்னா வெள்ளிக்குள்ள இன்னும் ரெண்டு கண்மாய் இதே செலவுல முடிஞ்சுரும்."

கடைசி வரிதான் முக்கியம். கொடி காட்டுறது மட்டும் போதாது, ஒரு வாரம் சும்மா இருந்தா என்ன ஆகும்னு சேர்த்துச் சொல்லணும். ஏன் மாசாமாசம் இல்லாம வாராவாரம்ங்கிறதுக்கும் அதுதான் பதில். பன்னிரண்டு வார வேலையில மாசம் ஒருதடவை பார்த்தா, ஏதாவது செய்ய முடியற நிலையில ரெண்டு தடவைதான் பார்ப்பீங்க. தினமும் பார்த்தீங்கன்னா, மழை பெஞ்ச ஒரு நாள் சிவப்பாத் தெரியும், மறுநாள் பச்சையாகும், மூணாவது நாள் யாரும் பார்க்க மாட்டாங்க.

பார்ட்னர்கள் அன்னைக்கே உட்கார்ந்தாங்க. முதல் கேள்வி, அறக்கட்டளைகிட்ட கூடுதல் பணம் கேட்க முடியுமா? இங்க ஒரு அதிர்ஷ்டம். விலைப்புள்ளியோட பின்னிணைப்புல 'வரத்துக்கால் சராசரி நீளம் 2 கி.மீ. எனக் கொள்ளப்பட்டது'ன்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரி இல்லேன்னா கேட்கவே வாய் கிடையாது. 'கண்மாயும் அதன் வரத்துக்காலும்'னு மட்டும் இருந்தா 20 கிலோமீட்டர் இருந்தாலும் நம்ம தலையெழுத்துதான்.

அறக்கட்டளை கேட்டதும் நியாயமாத்தான் இருந்துச்சு. "இனி செய்யப்போற ஏழுக்குச் சேர்த்துத் தரோம், கண்மாய்க்கு 10,000. முடிஞ்சு போன அஞ்சுக்கு எப்படிங்க? செய்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நாங்களும் யோசிச்சிருப்போம்ல?" ஆக 70,000 கிடைச்சது. ரெண்டாவது, அளவை முறையை மாத்தினது. முதல் 2 கிலோமீட்டருக்குப் பழையபடி நெருக்கமா குறுக்குவெட்டு, அதுக்கு மேல முழுக்க நடந்து பார்த்துட்டு நூறு மீட்டருக்கு ஒரு மட்டம், பாலம், வளைவு, அடைப்பு இருக்கிற இடத்துல மட்டும் முழு அளவு. இதுல கண்மாய்க்கு 35,000 இருந்தது 27,000-ஆச்சு.

கூட்டிப் பாருங்க. அஞ்சு கண்மாய்க்கு 1,75,000, ஏழுக்கு 1,89,000, மொத்தம் 3,64,000. திட்டத்தைவிட 1,26,400 அதிகம். அடக்க விலையில மொத்த உழைப்பு 7,01,120. வரவு 8,20,000. நிக்கிறது 1,18,880. ஆசைப்பட்டது ஒன்றரை லட்சம், வரவிருந்தது 4,080, கிடைச்சது இது. இதே கொடி எட்டாவது வாரம் பறந்திருந்தா, பன்னிரண்டும் அளந்து முடிச்சிருப்பாங்க. கேட்கிறதுக்கும் ஒண்ணும் இருந்திருக்காது, மாத்துறதுக்கும் ஒண்ணும் இருந்திருக்காது.

இப்ப இந்த ஷீட்டோட இன்னொரு பக்கம். எல்லாரும் தன் மணியைப் பார்க்க ஆரம்பிச்சாச்சுன்னா, முதல்ல வெட்டுப்படுறது யாரும் பார்க்காத வேலை. வரத்துக்காலோட கடைசிக் கிலோமீட்டரை நடக்காம விட்டா வரைபடத்துல ஒரு கோடு போட்டுடலாம், யாருக்கும் தெரியாது. ஷீட்டுக்கும் தெரியாது, அது பச்சையாத்தான் இருக்கும்.

ஒன்பதாவது கண்மாயில அந்தத் தம்பியும் சீனியரும் மேல நடந்து போயிருக்காங்க. கூட ஊர் நீர்ப்பாய்ச்சி, எழுபது வயசுக்கு மேல இருக்கும். நாலாவது கிலோமீட்டர்ல ரோட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பாலம். அவர் கம்பை ஊன்றி நின்னுக்கிட்டு, "தம்பி, நீங்க கண்மாயை எவ்வளவு ஆழமா வெட்டினாலும் சரி, தண்ணி இதைத் தாண்டாது"ன்னிருக்கார். மட்டம் எடுத்துப் பார்த்தா பாலத்தோட அடித்தளம் வாய்க்கால் தரையைவிட 40 சென்டிமீட்டர் உயரம். ரோட்டை அகலப்படுத்தினப்பவோ எப்பவோ தூக்கிக் கட்டியிருக்காங்க. சாதாரண மழைக்கு வர்ற தண்ணி அங்கேயே தேங்கி பக்கத்துக் காட்டுல பாய்ஞ்சிடுது. எங்க வரைவுல அந்தக் கண்மாய்க்குப் பெரிய செலவே உள்படுகையைத் தூர் வாருறதுதான். அதை அப்படியே செஞ்சிருந்தா ஆழமான, காஞ்ச கண்மாய் ஒண்ணு கிடைச்சிருக்கும். அந்த ஊர்ல அதை நம்பித்தான் நெல் போடுறாங்க. அறிக்கையில பாலத்தை மாத்திக் கட்டுறது முதல் வேலையாப் போச்சு, தூர் வாருறது பின்னாடி போச்சு.

அந்த நடைக்கு ஆன களநேரம் ஆறு மணி. 4,500 ரூபாய்.

அதுக்கப்புறம் ஷீட்டுல ஒரு பத்தி சேர்த்தோம்: 'குறைக்கக் கூடாதது'. வரத்துக்காலை ஆரம்பத்துல இருந்து முடிவு வரை ஊர்க்காரர் ஒருத்தரோட நடக்கிறது, ஆரம்பப் புள்ளிக்குத் திரும்பி வந்து மட்டம் சரிபார்க்கிறது, கலுங்கோட உச்சி மட்டத்தை ரெண்டு தடவை எடுக்கிறது. இந்த மூணும் எவ்வளவு மணி ஆனாலும் கேள்வி கிடையாது. அந்தக் கட்டத்துல சிவப்பு வந்தா பார்ட்னர் வேற எங்கயாவது குறைக்கட்டும், இல்லேன்னா நஷ்டத்தைத் தெரிஞ்சே ஏத்துக்கட்டும். தெரிஞ்சு ஏத்துக்கிற நஷ்டத்துல தப்பில்லைங்கிறது என் கருத்து. சில சமயம் புது வாடிக்கையாளருக்காக, சில சமயம் ஊருக்காக அப்படிச் செய்றதுண்டு. அந்த முடிவை பார்ட்னர் எடுக்கணும். லாட்ஜ் ரூம்ல ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்து 11-ஐ 8-ன்னு எழுதுற பையன் எடுக்கக் கூடாது.

கேள்வி கேட்ட நண்பருக்கு நடைமுறையா ரெண்டு விஷயம். அன்னன்னைக்கு எழுதுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து திங்கள்கிழமையை நினைவுபடுத்தி எழுதினா எல்லாம் எட்டு எட்டாத்தான் வரும். ஆறு நிமிஷக் கணக்கெல்லாம் வேண்டாம், அது வக்கீலுக்கு. நமக்கு அரை மணி போதும். பயணத்தைத் தனியா எழுதுங்க, அதைக் கள வேலையோட கலந்துட்டா அடுத்த விலைப்புள்ளியில மறுபடியும் யாரும் அதுக்கு இடம் விட மாட்டாங்க.

அடுத்த விலைப்புள்ளின்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த வேலை முடிஞ்ச ரெண்டு மாசத்துல, அதே பக்கம் இன்னொரு கண்மாய்த் தொகுப்புக்கு விலை கேட்டாங்க. இந்தத் தடவை கண்மாய்க்கு இவ்வளவுன்னு சொல்லல. கண்மாய்க்கு ஒரு விலை, வரத்துக்காலுக்குக் கிலோமீட்டர் கணக்குல தனி விலை. "என்னங்க, டாக்ஸி மாதிரி கேட்குறீங்க"ன்னு சிரிச்சாங்களாம். கையெழுத்துப் போட்டுட்டாங்க.